ஒரு கரண்டி கொசுறு

துணிக்கடைக்காரருக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்க மாட்டார். மீட்டர் கணக்கில் துணி கிழிக்கும்போது ஒரு சாண் கூட விட்டுத்தான் கிழிப்பார். கேட்காமலே கொடுக்கும் அந்த ஒரு சாணுக்காகவே பக்கத்துத் தெருக்காரர்கள் வெயிலில் நடந்து வந்து இவர் கடைப் படி ஏறினார்கள். "அளந்து குடுக்கறவன் வியாபாரி, அளந்ததுக்கு மேல குடுக்கறவன்தான் சொந்தக்காரன்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டே கத்தரியை ஓட்டுவார். பேச்சு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் துணி குறைந்ததில்லை.

அவர் மனைவி நேர் எதிர். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவர். அரை மாத்திரை என்றால் அரை மாத்திரைதான். கொசுறு கொடுத்தால் ஆள் போய்விடும் தொழில். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அவர் அளவைத் தாண்டுவதும், அந்த அம்மாள் அளவுக்குள் இழுப்பதுமாகக் குடித்தனம் நன்றாகவே ஓடியது.

அந்த அம்மாள் இதற்கு முன் இரண்டு தடவை உடம்பைக் குறைத்திருந்தார். இரண்டு தடவையும் குறைத்த கையோடு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதில், ஆறே மாதத்தில் போனது வட்டியோடு வந்து சேர்ந்தது. மூன்றாவது தடவை வலது முழங்கால் முரண்டு பிடித்ததால் மறுபடியும் இறங்கினார். மருந்தகத்துக்கு மேல்மாடியில் உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் பெண்ணிடம் போனார். முன்னாளில் பளு தூக்கியவள். தோள் இரண்டும் இரும்பு அலமாரி மாதிரி இருக்கும். எதைக் கேட்டாலும் கிராமில் பதில் சொல்வாள். கடைக்காரர் பார்த்த முதல் நாளே அவளுக்குத் 'தராசு' என்று பெயர் வைத்துவிட்டார்.

பதினான்கு மாதம். தொண்ணூற்றொன்றிலிருந்து அறுபத்து நாலு கிலோ. முழங்கால் சமாதானமாகிவிட்டது. ஆனால் கடைசி மூன்று மாதம் வீட்டில் மனைவி இருந்தாரா என்றால், இருந்தார், அவ்வளவுதான். விரல்கள் எப்போதும் சில்லென்று இருந்தன. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. அவர் சொன்ன பகடிக்குச் சிரிக்கவேண்டிய இடத்தில், சிரிப்பது ஏதோ செலவு என்பது போல உதட்டை மட்டும் அசைத்தார். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்தார். கடைக்காரர் நாட்காட்டியில் தேதி கிழித்துக் காத்திருந்தார். அறுபத்து நாலு வந்துவிட்டால் விரதம் முடிந்தது, ஆளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

அறுபத்து நாலு வந்த வாரம் இருவரும் தராசின் அறைக்குப் போனார்கள்.

"இனிமேதான் அக்கா கஷ்டமான வேலை" என்றாள் தராசு. "இப்ப தினமும் ஆயிரத்து நானூறு கலோரி சாப்பிடுறீங்க. இந்த உடம்பு எடை ஏறாம இறங்காம நிக்க ஏறக்குறைய ஆயிரத்துத் தொளாயிரம் வேணும்னு வச்சுக்குங்க. ஆனா துல்லியமா எவ்வளவுன்னு எனக்கே தெரியாது. ரொம்ப நாள் பட்டினி போட்ட உடம்பு சிக்கனம் பழகியிருக்கும், பசி உச்சத்துல இருக்கும். திடீர்னு கதவத் தெறந்து விட்டா நூறோட நிக்க மாட்டீங்க. முன்ன ரெண்டு தடவ நடந்தது அதான். அதனால வாரத்துக்கு நூறு கலோரி கூட்டுவோம். தினமும் காலையில எழுந்ததும் எடை பாருங்க, வாரத்துக்கு ஒரு சராசரி எடுப்போம். அது எங்க அசையாம நிக்குதோ அதான் உங்க அளவு. ரிவர்ஸ் டயட்னு சொல்வாங்க."

கடைக்காரருக்குக் காது கூசியது. "வாரத்துக்கு நூறுன்னா எவ்வளவு மேடம்?"

"நாலு ஸ்பூன் சோறுன்னு வைங்களேன் சார்."

"பதினாலு மாசம் பொறுத்தவளுக்கு நாலு ஸ்பூனா? ஐநூறையும் மொத்தமா குடுத்துடுங்க. அதுவும் வேணாம், முந்நூறுல முடிச்சுக்கலாம்."

"என்னங்க, இது என்ன சந்தையா?" என்றார் மனைவி. ஆனால் வெகுநாளைக்குப் பிறகு கொஞ்சம் சிரித்தார்.

தராசும் சிரித்தாள். "சில பேர் மொத்தமா ஏத்துவாங்க சார், தப்பில்ல. ஆனா அக்காவே மெதுவாப் போலாம்னு கேட்டாங்க. அவங்களுக்குப் பயம் இருக்கு. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடுறேன். முதல் வாரம் ஒரு கிலோ போல ஏறும். அது கொழுப்பு இல்ல. சோறு சேரச் சேர உடம்பு தண்ணியப் பிடிச்சு வைக்கும். பயந்து கொறச்சிடாதீங்க."

வீட்டு ஏற்பாடு இப்படி. மனைவி காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்ப வேண்டும். கடை திறக்கப் பத்து ஆகும். எனவே சமையல் கடைக்காரருடையது. முந்தின மாலையே மனைவி எல்லாவற்றையும் சின்னத் தராசில் நிறுத்துச் சின்னச் சின்ன டப்பாக்களில் வைத்துவிடுவார். அரிசி, பருப்பு, கோழி, காய். எண்ணெய் ஒரு மருந்துப் புட்டியில், கோடு போட்டு, இரண்டு தேக்கரண்டி. அவர் செய்ய வேண்டியது டப்பாவைத் திறந்து அடுப்பில் கொட்டுவது மட்டும்.

முதல் நாள் காலை அந்த மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தார். இருமலுக்குக் கொடுக்கும் அளவு எண்ணெய். வாணலியில் ஊற்றினார். அது அடியை நனைக்கக்கூட இல்லை. பதினான்கு மாதமும் பார்த்த புட்டிதான். ஆனால் அப்போது அது கட்டளை. இப்போதுதான் விரதம் முடிந்துவிட்டதே. பக்கத்தில் எண்ணெய் டின் இருந்தது. கைக்கு யோசனை தேவைப்படவில்லை. ஒரு பெரிய கரண்டி விழுந்தது.

அந்த வாரம் மனைவியின் விரல்கள் சூடேறின. படியில் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் வீட்டுக்கு வந்து, "உங்க வீட்டுக்காரர் எனக்கு வித்த சட்டைத்துணி தோச்சதும் என் பேரனுக்குச் சரியா இருக்கு" என்றபோது வாய்விட்டுச் சிரித்தார். நாலு ஸ்பூன் சோறு அந்தச் சிரிப்பைக் கொடுத்திருக்கும் என்று தராசு சொல்லியிருப்பாள். கடைக்காரர் அதைத் தன் கரண்டியின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

எடை ஒரு கிலோ இருநூறு ஏறியது. "தண்ணிதான், எதிர்பார்த்ததுதான்" என்றாள் தராசு. இன்னொரு நூறு. பிறகு இன்னொரு நூறு. டப்பாவில் சோறு கூடக் கூட, டின்னிலிருந்து விழும் கரண்டியும் கூடியது. மூன்றாம் வாரம் அது மூன்றாகியிருந்தது. கொழுப்பு எடுத்த பால் வாங்கச் சொன்ன இடத்தில் முழுப்பால் வந்தது.

"உங்க கைக்கு என்ன ஆச்சுங்க? இவ்வளவு ருசியா இருக்கு" என்றார் மனைவி, தட்டை வழித்தபடி.

"பசிக்கிற நாக்கு எதையும் பாராட்டும்" என்றார் கடைக்காரர். காலர் தூக்கிவிட்டுக்கொள்ளாதது ஒன்றுதான் குறை.

தண்ணீர் ஏறினால் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். அதன்பின் சராசரி சமதரையில் நடக்கவேண்டும். அது நடக்கவில்லை. மூன்றாம் வாரம் முந்நூறு கிராம் ஏறியது. ஆயிரத்து எழுநூறோடு நிறுத்திப் பார்ப்போம் என்றாள் தராசு. நாலாம் வாரம் மறுபடியும் முந்நூறு. ஐந்தாம் வாரம் நானூறு. மனைவி தினமும் காலையில் எடைக்கருவி மேல் ஏறி நிற்கும் சத்தம் கடைக்காரருக்குப் படுக்கையிலேயே கேட்கும். இறங்கும் சத்தம் வர நேரமாகும். சுவரில் ஒட்டியிருந்த தாளில் கோடு ஏணி மாதிரி ஏறியது.

அவருக்குப் புரியவில்லையா என்றால், புரிந்தது. மூன்று கரண்டி எண்ணெய் முந்நூற்றறுபது கலோரி என்று எண்ணெய் டின்னின் முதுகிலேயே கணக்கு போட்டுப் பார்க்கலாம். அவர் டின்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். இன்றோடு நிறுத்திவிடலாம் என்று தினமும் நினைத்தார். நிறுத்தினால் அந்தக் குளிர்ந்த விரல்கள் திரும்பி வரும் என்று தினமும் பயந்தார். பேரத்தில் பழகியவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதிராளி கடைசியில் இறங்கி வருவான் என்று நம்பிக்கொண்டே இருப்பான். இங்கே எதிராளி மனைவியின் உடம்பு.

ஆறாம் வாரம் தராசின் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். தராசு தாளைப் பார்த்தாள், மனைவி அனுப்பிய சாப்பாட்டுப் படங்களைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாருக்கும் நடக்கிறதுதான். நடுவுல ஒரு வாய், வேலை செய்ற இடத்துல யாராவது நீட்டுற பிஸ்கட், ருசி பாக்கிற கரண்டி. எழுதாம விட்டது ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"திட்ட மாட்டேன். தெரிஞ்சா கணக்க மாத்திக்கலாம், அவ்வளவுதான்."

மனைவியின் முகம் சிவந்தது. "இருபது வருஷமா மாத்திரை எண்ணிக் குடுக்கிறேம்மா. ஒரு தடவ தப்பினதில்ல. நான் பொய் சொல்றேன்னு நெனச்சா இதோ பக்கத்துலயே இருக்காரு, கேட்டுக்கோ. சமைக்கிறதே அவருதான்."

தராசு அவர் பக்கம் திரும்பினாள். மனைவியும் திரும்பினார். அந்தப் பார்வையில் சந்தேகம் துளி இல்லை. சாட்சியைக் கூப்பிட்டவளின் நிம்மதி மட்டும் இருந்தது.

வாயைத் திறந்தால் முடிந்துவிடும். ஆனால் வேற்றாள் முன்னால், மனைவி இவ்வளவு சத்தியம் செய்த பிறகு, எப்படி? வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு தவணை வாங்கிக்கொண்டார்.

"அவ ஒரு பருக்கைகூட மாத்த மாட்டா மேடம்" என்றார்.

அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. அவர் வாழ்நாளில் விற்ற மட்டமான சரக்கு அதுதான்.

தராசு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கச் சொன்னாள். தைராய்டு உட்பட எல்லாம் சரியாக வந்தது. சரியாக வந்ததுதான் மனைவியை உடைத்தது. குற்றம் சொல்ல ஒரு வியாதிகூட இல்லை. தராசு குறைக்க வேண்டாம் என்று சொல்லியும், பயத்தில் தானாகவே ஆயிரத்து முந்நூறுக்கு இறங்கினார். டப்பாக்களில் சோறு பாதியானது. அதைப் பார்த்த கடைக்காரர் நிலக்கடலையை அரைத்துக் குழம்பில் கலந்தார். பாலாடையைத் தயிரில் கரைத்தார். கரண்டி ஐந்தாயிற்று. எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு, கலோரியைக் கொடுக்கும், வயிற்றை நிரப்பாது. எனவே அந்த அம்மாள் பசியோடும் இருந்தார், எடையும் ஏறினார். இரண்டு கஷ்டத்தையும் ஒரே வாணலியில் வைத்துக் கொடுத்தார் கட்டிய கணவர்.

ஏழாம் வாரம் ஒரு மாலை, கடையிலிருந்து வந்தவரிடம் மனைவி ஒரு சாவியை நீட்டினார். சமையலறைக் கதவில் புதிதாகப் பூட்டு தொங்கியது.

"என்னம்மா இது?"

"நீங்களே வச்சிருங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"எதுக்கு?"

"சில தூக்க மாத்திரை போட்டவங்க தூக்கத்துலயே எழுந்து சாப்பிடுவாங்க. காலையில அவங்களுக்கே தெரியாது. எனக்கே ரெண்டு பேர் வந்து சொல்லியிருக்காங்க. நான் மாத்திரை எதுவும் போடல. ஆனா வேற என்னங்க காரணம் இருக்க முடியும்? எடை பொய் சொல்லாது. டப்பா பொய் சொல்லாது. நீங்க சொல்ல மாட்டீங்க. மிச்சம் இருக்கிறது நான்தான்."

அவர் சாவியை வாங்கினார். வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். இதை அவர் பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்தார். எண்ணெய் ஊற்றியது அசட்டுத்தனம், தராசின் அறையில் சொன்னது கோழைத்தனம். சாவியை வாங்கியதற்கு அவருக்கு இன்றுவரை பெயர் கிடைக்கவில்லை.

பூட்டு மட்டும் போதவில்லை மனைவிக்கு. கூடத்தில் இருந்த குளிர்பெட்டிக் கதவிலும் அலமாரியிலும் தினமும் படுக்கப்போகுமுன் மருந்தகத்துக் காகித நாடாவை ஒட்டி, அதன் மேல் பேனாவால் கையெழுத்து போட்டார். ஐந்து நாள் கழித்து, ஞாயிறு காலை, கடைக்காரர் பல் துலக்கிக்கொண்டு வந்தபோது மனைவி அந்த நாடா முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். எடை மறுபடியும் இருநூறு கிராம் கூடியிருந்தது.

"ஒட்டு பிரியலங்க" என்றார். "கையெழுத்து அப்படியே இருக்கு. பூட்டும் அப்படியே இருக்கு. அப்ப நான் எப்படித்தான் சாப்பிடுறேன்?" பிறகு தன்னோடு பேசுவதுபோல், "வேலைக்கு லீவு சொல்லிரலாம்னு இருக்கேன். என்னையே நம்ப முடியாதவ அடுத்தவங்களுக்கு மாத்திரை எண்ணிக் குடுக்கக் கூடாது" என்றார்.

பல்துலக்கும் பிரஷ் வாயில் இருந்தபடியே அவர் எதிரில் உட்கார்ந்தார். பிறகு அதை எடுத்தார்.

"நான்தாம்மா."

"என்ன நீங்க?"

"எண்ணெய். முதல் நாள்லேர்ந்து. டப்பால இருக்கிறதுக்கு மேல நான்தான் ஊத்தினேன். அப்புறம் கடலை. பாலும் வேற பால்."

மனைவி கத்தவில்லை. மருந்தகத்தில் புரியாத கையெழுத்துச் சீட்டு வந்தால் கேட்பதுபோல் கேட்டார். "எவ்வளவு?"

"ஆரம்பத்துல ஒரு கரண்டி. இப்ப அஞ்சு."

"அன்னைக்கு அவ கேட்டப்ப?"

"அப்ப மூணு."

மனைவி தலையாட்டினார். "உன் கை சில்லுன்னு இருந்துச்சும்மா. பாக்க முடியல" என்று கடைக்காரர் தொடங்கினார். மனைவி கையை உயர்த்தினார், மெதுவாகத்தான்.

"எண்ணெய விடுங்க. எண்ணெய் பாசத்துல ஊத்தினீங்க, புரியுது. நான் அங்க சத்தியம் பண்ணப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்க. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு சாவியக் குடுத்தேன், வாங்கிக்கிட்டீங்க. அஞ்சு நாள் பையில வச்சுக்கிட்டுக் கடைக்குப் போயிட்டு வந்தீங்க."

கடைக்காரர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து தரையில் வைத்தார். மனைவி அதை எடுத்துச் சமையலறையைத் திறந்தார். அன்று முதல் தன் சாப்பாட்டைத் தானே சமைத்தார்.

மறுநாள் கடைக்காரர் தனியாக மாடியேறித் தராசிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தாளை எடுத்துக் கரண்டிகளைக் கூட்டத் தொடங்கினாள்.

"அப்ப அக்கா ஆயிரத்து முந்நூறுல ஏறல. ரெண்டாயிரத்து நூறு போல சாப்பிட்டு வாரத்துக்கு எரநூறு ஏறியிருக்காங்க. அவங்க அளவு ஆயிரத்துத் தொளாயிரம் பக்கத்துல நிக்குது. நான் முதல்ல சொன்ன எண்தான்." பேனாவை வைத்தாள். "அவங்க உடம்புல ஒரு கோளாறும் இல்ல சார். எப்பவுமே இல்ல. நீங்க ஊத்தினத ஒரு துண்டுச்சீட்டுல எழுதி வச்சிருந்தீங்கன்னா போதும், மிச்சத்த நான் பாத்திருப்பேன்."

"அவகிட்ட நான் என்ன சொல்லணும் மேடம்?"

"எனக்குச் சாப்பாட்டுக் கணக்குதான் தெரியும்."

மனைவி வீட்டைவிட்டுப் போகவில்லை. போயிருந்தால் கடைக்காரர் தேடிப் போய்க் கெஞ்சியிருப்பார். கெஞ்சுவதற்கு ஒரு வாசல் இருந்திருக்கும். அவர் அதே வீட்டில், அதே கட்டிலில், "குளிச்சாச்சா", "கேஸ் வந்துருச்சா" என்று பேசிக்கொண்டு இருந்தார். வேலைக்குப் போனார். விடியுமுன் எழுந்து தன் அடுப்பில் தன் சோற்றைப் பொங்கினார். ஆயிரத்து எண்ணூறில் தொடங்கி, எண்ணெயை அளந்து ஊற்றி, மறுபடியும் வாரத்துக்கு ஐம்பது, நூறு என்று ஏறினார். கோடு சமதரையில் நடந்தது. ஒரு வாரம் நூறு கிராம் மேலே, ஒரு வாரம் நூறு கீழே. நடை கூடியது. சாப்பாடு இரண்டாயிரத்தைத் தொட்டது. எடை அறுபத்தாறு சொச்சத்தில் நின்றது, ஆறு வாரம் நின்றது. விரல்கள் சூடாகத்தான் இருக்கும் என்று கடைக்காரர் ஊகித்துக்கொண்டார். தொட்டுப் பார்க்க வாய்க்கவில்லை.

அதற்கடுத்த வாரம் மனைவி தராசின் மாடியிலிருந்து வந்து, "முடிஞ்சிருச்சு. இனிமே நிறுத்துப் பாக்க வேணாம்னுட்டா. பசிச்சாச் சாப்பிடலாம், வாரம் ஒரு தடவ எடை பாத்தாப் போதுமாம்" என்றார். இரண்டு தடவை தோற்றவர் மூன்றாம் தடவை ஜெயித்துவிட்டார். முகத்தில் அது தெரிந்தது.

மறுநாள் மனைவிக்கு விடுமுறை. கடைக்காரர் கடையைத் திறக்கவில்லை. காலையிலேயே அடுப்பு முன் நின்றார். சோறு, கோழி, வேகவைத்த காய், கெட்டித் தயிர். யாரும் கேட்காமலே எண்ணெயைத் தேக்கரண்டியில் அளந்தார். இரண்டு. ஒரு துளி சிந்தியதையும் துணியால் துடைத்தெடுத்தார். இவ்வளவு சரியாக அவர் எதையும் அளந்ததில்லை. மேசையில் தட்டை வைத்து மனைவியைக் கூப்பிட்டார்.

மனைவி வந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு தேக்கரண்டி" என்றார் கடைக்காரர். "அதுக்கு மேல ஒண்ணுமில்ல. கொழுப்பெடுத்த பால்லதான் தயிர் போட்டேன்."

"சரி."

"நெஜமாம்மா."

"நெஜம்தான்னு தெரியுதுங்க."

மனைவி கையைச் சோற்றில் வைத்தார். ஒரு கவளம் உருட்டினார். தூக்கினார். வாய்வரை வந்தது. அங்கேயே நின்றது. சோற்றை விரலால் நசுக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், ஏதாவது மினுக்குகிறதா என்று. தான் சோதித்துக்கொண்டிருப்பதை உணர்ந்ததும் கை கீழே இறங்கியது.

"பொய் சொல்றீங்கன்னு நினைக்கலங்க" என்றார். கண் நிறைந்திருந்தது. "கை வர மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"மெதுவாச் சாப்பிடும்மா. பாதி சாப்பிடு. ரெண்டு வாய்." பழக்க தோஷம், பேரம் பேசினார். "ஒரு வாய்."

மனைவி எழுந்து கை கழுவினார். தன் அடுப்பில் இரண்டு முட்டையை வேகவைத்தார். அது கொதிக்கும்வரை அவருக்கு முதுகு காட்டி நின்றார். பிறகு உரித்து எடுத்து வந்து, அதே மேசையில், அவருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். கடைக்காரர் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மனைவி உருட்டி வைத்த கவளத்தை எடுத்து வாயில் போட்டு மென்றார். சோறு நன்றாக வெந்திருந்தது. உப்பும் சரியாக இருந்தது.